காரைக்குடியில் ஹாஸ்டல், பிஜி அறையை இணையத்தில் போடுவது எப்படி: படம் எடுப்பதிலிருந்து ஆள் பார்க்க வரும் வரை

எங்கள் தெரு ஆச்சி ஒருவர் மாடியில் மூன்று அறைகளைக் கல்லூரிப் பெண்களுக்கு விட வேண்டும் என்றார். விளம்பரம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தால், அரசுப் பதிவு, மின்கட்டணப் பங்கு, திருட்டு விளம்பரம், பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்கள் என்று இழுத்துக்கொண்டே போனது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். உதாரணக் கணக்குகள் அந்த மாடியை வைத்தே: இரண்டு பேர் தங்கும் அறை இரண்டு, ஒருவர் தங்கும் அறை ஒன்று, மொத்தம் ஐந்து கட்டில். தொகைகள் கணக்குப் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் தெரு நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

1. படம் எடுப்பதற்கு முன் காகிதம்

பெண்களுக்கான விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் முறைப்படுத்தும் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்ய வேண்டும். பதிவு மாவட்ட ஆட்சியர் வழியாக. நமக்கு அது சிவகங்கை. முதலில் போய்க் கேட்க வேண்டிய இடம் மாவட்டச் சமூகநல அலுவலகம். "அஞ்சே புள்ளைகதானே, இதுக்கு எதுக்கு?" என்று ஆச்சி கேட்டது போல நீங்களும் கேட்கலாம். வீட்டோடு சேர்ந்த பிஜி உங்கள் அளவில் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் 'லேடீஸ் ஹாஸ்டல்' என்று போட்ட பிறகு கேட்பதைவிட முன்பே கேட்பது நல்லது.

அவர்கள் கேட்கும் முக்கியமான தாள்கள் இவை: கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் பொதுக் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, சாப்பாடு போடுவதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம். ஒன்றுக்கு ஒன்று வேறு அலுவலகம். அதனால் ஜூனில் ஆள் சேர்க்க நினைப்பவர் மே மாதம் தொடங்கினால் தாமதம்தான். பொங்கல் முடிந்ததும் தொடங்குங்கள்.

ஜி.எஸ்.டி. பற்றிப் பயப்படுகிறவர்கள் உண்டு. ஒரு ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து குறைந்தது 90 நாள் தங்கினால் தங்குமிடக் கட்டணத்துக்கு வரிவிலக்கு உண்டு. 2024 ஜூலையிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. நம் ஊர் வாடகைக்கு அந்த எல்லை எட்டாத உயரம். ஆனால் 90 நாள் என்பதைக் கவனியுங்கள். இரண்டு மாதப் பயிற்சிக்கு வருகிறவர் அதற்குள் அடங்க மாட்டார். ஆண்டு வருமானமே ஜி.எஸ்.டி. பதிவு வரம்பைத் தொடாத சின்ன வீடுகளுக்கு அந்தக் கவலையும் இல்லை.

செட்டிநாட்டுக்கென்று ஒரு தாள் தனியாக உண்டு. பழைய வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது பங்காளிக் குடும்பங்களுக்கு, பொதுவாக இருக்கும். உங்கள் பங்கு அறையை நீங்கள் விடலாம் என்றாலும், நடு முற்றத்தைச் சுற்றிய வளவும் முகப்பும் கிணற்றடியும் பொது. தங்குகிறவர் அந்தப் பொது இடத்தின் வழியாகத்தான் போய்வர வேண்டும். பங்காளிகளிடம் வாய்ச்சொல்லாகக் கேட்டது போதாது. ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். இல்லையென்றால் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு ஊருக்கு வரும் பங்காளி, வளவில் துணி காய்வதைப் பார்த்த அன்றே பிரச்சினை தொடங்கும்.

2. படம்: முதலில் கட்டில், கடைசியில் முகப்பு

நம் ஊரில் எல்லோரும் செய்வது, ஆத்தங்குடிக் கல் பதித்த வளவையும் தேக்குத் தூண்களையும் முதல் படமாகப் போடுவது. அழகுதான். ஆனால் அதைப் பார்த்துக் கூப்பிடுகிறவர்கள் யார் தெரியுமா? ஒரு நாள் தங்க வரும் சுற்றுலாக்காரர், கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க இடம் தேடுபவர், ஷூட்டிங்குக்கு நாள் வாடகை கேட்பவர். அழகப்பா பல்கலைக்கழகத்தில் சேரப்போகும் பெண்ணின் அம்மா தூணைப் பார்ப்பதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா, அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா, பாத்ரூம் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: கட்டிலும் சன்னலும் ஒன்றாகத் தெரியும் அறை, அலமாரி, படிக்கும் மேசை, பாத்ரூம், குடிதண்ணீர் வைத்திருக்கும் இடம், சாப்பிடும் இடம், துணி காயப்போடும் மாடி, கடைசியாக வாசல். ஒரு அறைக்கு மூன்று படம் போதும். எல்லாம் சேர்த்துப் பத்து, பன்னிரண்டைத் தாண்ட வேண்டாம்.

பழைய வீட்டு அறைகள் வெளிச்சத்தை வளவுப் பக்கமிருந்துதான் வாங்கும். வெளிச் சுவரில் சன்னல் சிறிதாக இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. வெயில் முற்றத்தில் நேராக இறங்கும் முற்பகலில், அறைக் கதவைத் திறந்துவைத்து எடுங்கள். உள்ளே டியூப்லைட்டும் எரியட்டும். வாசல் மூலையில் நின்று, போனை நெஞ்சு உயரத்தில் படுக்கைவாட்டில் பிடித்தால் அறை இயல்பான அளவில் தெரியும்.

போனில் 0.5 என்று ஒரு லென்ஸ் இருக்கும். பத்தடி அறை கல்யாண மண்டபம் போலத் தெரியும். அதைத் தொடாதீர்கள். நேரில் வருகிறவர் கதவைத் திறந்ததும் முகம் சுருங்குவதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான். படத்தோடு அளவையும் எழுதுங்கள்: "10 அடிக்கு 12 அடி, இரண்டு கட்டில்". ஆறடிக்கு மூன்றடிக் கட்டில் 18 சதுர அடி எடுக்கும். 120 சதுர அடி அறையில் இரண்டு கட்டில் போட்டால் மேசைக்கும் நடக்கவும் இடம் இருக்கும். மூன்றாவது போட்டால் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில்தான் தள்ள வேண்டும். இந்தக் கணக்கு படிக்கிறவருக்கும் தெரியும்.

படத்தில் வரக்கூடாதவை சில உண்டு. ஏற்கெனவே தங்கியிருப்பவர்களின் முகம், காய்கிற துணி, பெயர் எழுதிய பதிவேடு, கதவு எண், வண்டி எண். பெண்கள் விடுதி என்றால் வீட்டின் முழு முகப்பும் தெருப் பெயரும் ஒரே படத்தில் வர வேண்டாம்.

இன்னொன்று. எல்லாப் படத்தின் நடுவிலும் மங்கலாக உங்கள் விடுதியின் பெயரையும் போன் எண்ணையும் பதித்துவிடுங்கள். ஓரத்தில் பதித்தால் வெட்டிவிடுவார்கள். நாங்கள் போட்ட படங்களை எடுத்து, பாதி வாடகைக்கு வேறு எண்ணில் யாரோ விளம்பரம் கொடுத்திருந்தார்கள். முன்பணம் அனுப்பிவிட்டேன் என்று ஒருவர் பெட்டியோடு வந்து நின்ற பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்: "நேரில் பார்க்காமல் யாருக்கும் பணம் அனுப்ப வேண்டாம்."

3. வாடகையை உடைத்து எழுதுங்கள்

"வாடகை 3,500 முதல்" என்று எழுதினால் போன் நிறைய வரும், ஆள் சேராது. கூப்பிடுகிறவர் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டே தொகைகள்: மாதம் மொத்தம் எவ்வளவு, சேரும் அன்று கையில் எவ்வளவு இருக்க வேண்டும். ஆச்சி மாடிக்கு நான் எழுதியது இது:

"இருவர் அறை, ஒருவருக்கு மாத வாடகை 3,500. மூன்று வேளைச் சாப்பாடு 3,200. கரண்ட் பில் பங்கு மாதம் சுமார் 300. ஆக மாதம் சுமார் 7,000. முன்பணம் 7,000, காலி செய்யும்போது வெள்ளையடிக்க 500 கழித்துக்கொண்டு மீதி 6,500 திருப்பித் தரப்படும். சேரும் அன்று முன்பணத்தோடு முதல் மாத வாடகை, சாப்பாடு சேர்த்து 13,700 கட்ட வேண்டும்."

கரண்ட் பில்தான் சண்டை வரும் இடம். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளவெடுக்கிறது. பில் 3,000 வந்தால் ஐந்து பேருக்குப் பிரித்து ஆளுக்கு 600, அதாவது மாதம் 300. சரி, ஒருத்தி ஊருக்குப் போய் ஒரு மாதம் இல்லை என்றால்? யூனிட் கூடக்கூட விலைப் படியும் ஏறுகிறதே, அதை யார் தலையில் போடுவது? இதையெல்லாம் பில் வந்த பிறகு பேசினால் தீராது. "தொடர்ந்து 15 நாளுக்கு மேல் இல்லாதவருக்கு அந்த மாதத்தில் பாதிப் பங்கு" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஏசி அறை இருந்தால் அதற்குத் தனியாக உள்மீட்டர் வைத்தே ஆக வேண்டும். ஒரு டன் ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் ஆறிலிருந்து எட்டு யூனிட் வரை இழுக்கும். அதைப் பக்கத்து அறையின் ஃபேன்காரி ஏன் கட்ட வேண்டும்? விடுதிக்கு எந்தக் கட்டண வகை பொருந்தும் என்பதை உங்கள் பகுதி மின் அலுவலகத்தில் கேட்டுவிட்டே இந்தத் தொகையை முடிவு செய்யுங்கள்.

மாதத்தின் நடுவில் சேருகிறவருக்கும் கணக்கை முன்பே சொல்லுங்கள். ஜூன் 18 சேர்ந்தால் அன்றைய தினத்தையும் சேர்த்து 13 நாள். வாடகையும் சாப்பாடும் 6,700. அதை 30 ஆல் வகுத்து 13 ஆல் பெருக்கினால் 2,903. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து முழுத்தொகை.

சாப்பாட்டுக் கழிவைப் பலர் எழுதுவதே இல்லை. ஒரு நாள் சாப்பாடு கணக்குப்படி 107 ரூபாய் வருகிறது. ஆனால் ஒருத்தி இல்லாததால் அரிசி, காய், பால் மிச்சமாகுமே தவிர, சமையல்காரம்மாவின் சம்பளம் குறையாது. அதனால் முழு 107 கழிப்பது உங்களுக்கு நட்டம். "தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் ஊரில் இல்லாவிட்டால், இரண்டு நாள் முன்பே சொன்னால், நாளுக்கு 70 ரூபாய் கழிக்கப்படும்" என்பது இருபக்கமும் நியாயமாகப் பட்டது. கோடை விடுமுறையிலும் அப்படித்தான். இடத்தைப் பிடித்துவைக்க மே மாதம் பாதி வாடகை 1,750, சாப்பாட்டுக்குப் பணம் இல்லை. இதை எழுதாத விடுதியில் ஏப்ரல் கடைசியில் எல்லோரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள், ஜூனில் திரும்ப விளம்பரம் போட வேண்டும்.

4. விதிகள்: நேரத்தையும் காரணத்தையும் சேர்த்து

'ஒழுக்கமாக நடந்துகொள்ள வேண்டும்' என்பது விதி இல்லை. நேரம், இடம், தொகை மூன்றில் ஒன்றாவது அதில் இருந்தால்தான் விதி.

வாசல் பூட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆச்சி இரவு எட்டரை என்றார். சென்னையிலிருந்து வரும் பல்லவன் ரயில் காரைக்குடிக்குள் நுழையவே பத்து மணி வாக்கில் ஆகிவிடும். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் பிள்ளை ஸ்டேஷனிலேயே படுக்க முடியுமா? கடைசியில் எழுதியது: "வாசல் இரவு 8.30-க்குப் பூட்டப்படும். ரயிலில், பேருந்தில் தாமதமாக வருகிறவர்கள் மாலை ஆறு மணிக்குள் போனில் சொன்னால் 11 மணி வரை திறந்துவிடுவோம். வீட்டாரிடமும் கேட்டுக்கொள்வோம்." காலையில் சென்னை போகும் பல்லவனுக்கு விடிவதற்கு முன் கிளம்பவும் இதே மாதிரி முதல் நாள் சொல்ல வேண்டும்.

அசைவத்தைத் தெளிவாக எழுதுங்கள். வீட்டில் சமைக்க மாட்டோம் என்பது வேறு, வெளியே வாங்கிவந்து சாப்பிடலாம் என்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். அதேபோலப் பார்க்க வருகிறவர்கள்: பெற்றோர் எங்கே வரை வரலாம், தோழி இரவு தங்கினால் ஒரு நாளைக்கு எவ்வளவு.

பழைய வீடு என்றால் இன்னொரு விதி கட்டாயம் வேண்டும். படைப்பு, கல்யாணம் என்று பங்காளிகள் கூடும் நாட்களில் கீழே வளவும் அடுப்படியும் நிறைந்துவிடும். அந்த நாட்களில் சாப்பாடு எங்கே, குளியலறை எது என்பதைப் பத்து நாள் முன்பே சொல்லிவிடுவதாக எழுதுங்கள்.

சாதி, மதம் குறிப்பிட்டு 'இன்னார் மட்டும்' என்று எழுத யாராவது சொன்னால் எழுதாதீர்கள். விளம்பரத் தளங்கள் நீக்கிவிடும் என்பது ஒரு பக்கம். அப்படி எழுதுவதே தவறு என்பது என் கருத்து.

விதிகளை ஒரே பக்கத்தில் அச்சிட்டு, சேரும்போது தங்குபவரும் பெற்றோரும் கையெழுத்துப் போடட்டும். ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு எண் மறைக்கப்பட்ட நகலே போதும் என்று சொல்லுங்கள். myaadhaar.uidai.gov.in தளத்தில் அவர்களே எடுத்துக்கொள்ளலாம். முழு ஆதாரை வாட்ஸ்அப்பில் வாங்கிக் குவித்து வைப்பது உங்களுக்கே தலைவலி.

5. எங்கே போடுவது, எப்போது

பெரிய நகரங்களில் ஓடும் வாடகைத் தளங்களில் காரைக்குடிக்குத் தேடுகிறவர்கள் குறைவு. நம் ஊருக்கு உதவுவது மூன்று: ஓஎல்எக்ஸ், கல்லூரிகளைச் சுற்றியுள்ள ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்கள், கூகுள் மேப். மூன்றும் இலவசம். பணம் கட்டி விளம்பரத்தை மேலே ஏற்றச் சொல்வார்கள், ஐந்து கட்டிலுக்கு அது வேண்டாம்.

கூகுள் மேப்பில் பெயர்ப்பலகை உள்ள விடுதியாக இருந்தால் மட்டும் சேருங்கள். சும்மா காலியாக இருக்கும் வீட்டைச் சேர்க்க அவர்கள் விதி இடம் தராது. சரிபார்க்கப் பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள். தெருவிலிருந்து தொடங்கி, பெயர்ப்பலகையைக் காட்டி, சாவியால் கதவைத் திறந்து உள்ளே போவது வரை நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும். முடிவு வர ஐந்து வேலைநாள் வரை ஆகலாம்.

தலைப்பில் இடத்தைக் கல்லூரி வைத்துச் சொல்லுங்கள். வெளியூர்க்காரருக்குச் செக்காலையும் கழனிவாசலும் தெரியாது. "அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு எத்தனை நிமிடம், எந்தப் பேருந்து, இறங்கி எவ்வளவு நடை" என்பதுதான் அவர் கேள்வி. நீங்களே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

படங்களை ஏப்ரல் கடைசியில் அறை காலியாகும்போது எடுத்துவையுங்கள். பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் மே மாதத்தில் விளம்பரம் போடுங்கள். பொறியியல் கலந்தாய்வு முடிந்து வருகிறவர்களுக்கு இன்னொரு அலை பின்னால் வரும், அப்போது ஒருமுறை புதுப்பிக்கலாம். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் புராஜெக்ட் செய்ய வருகிறவர்கள் சில மாதங்களுக்கு மட்டும் இடம் கேட்பார்கள். அவர்களுக்குத் தருவீர்களா, மாட்டீர்களா என்று ஒரு வரி இருக்கட்டும்.

6. பார்க்க வருகிறவர்களுக்கு நேரம் கொடுப்பது

இதற்கென்று தனி போன் எண் வைத்து, வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். அதில் விரைவுப் பதில் என்று ஒரு வசதி உண்டு. வாடகை விவரத்தை ஒருமுறை சேமித்து /rent என்று பெயர் வைத்துவிட்டால், அப்புறம் அதைத் தட்டியதும் முழுப் பத்தியும் வந்து நிற்கும். /rules என்று விதிகளையும் வையுங்கள். இரண்டையும் படித்துவிட்டு 'சரி' என்று சொல்கிறவருக்கு மட்டுமே நேரம் கொடுங்கள். பாதிப் பேர் இங்கேயே கழன்றுகொள்வார்கள், அது நல்லதுதான்.

ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து வரும் பெற்றோருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வசதி. காலை 10 முதல் 12 வரை, மாலை 4 முதல் 6 வரை, ஆளுக்கு அரை மணி. குளிக்கும் நேரமும் சாப்பாட்டு நேரமும் வேண்டாம். இருட்டிய பிறகு யாரையும் மாடிக்கு அழைத்துப் போகாதீர்கள். இன்று ஆள் வருகிறது என்று உள்ளே தங்கியிருக்கும் பிள்ளைகளிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு நோட்டில் பெயர், எத்தனை பேர், எந்த நேரம் என்று எழுதினால் போதும். முதல் நாள் மாலை "நாளை 10.30-க்கு வருகிறீர்களா?" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். பதில் வந்தவருக்கு மட்டும் லொகேஷன் போகட்டும். பதில் வராத நேரத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம்.

பிடித்திருந்தால் டோக்கனாக 1,000 ரூபாய் வாங்கி மூன்று நாள் இடத்தை வைத்திருப்போம் என்று முன்பே எழுதியிருங்கள். சேர்ந்தால் அது முன்பணத்தில் கழியும், மூன்று நாளுக்குள் வேண்டாம் என்றால் எவ்வளவு திரும்பும் என்பதையும் சொல்லுங்கள். ரசீது கொடுங்கள்.

நேரில் பார்க்கவே வேண்டாம், இப்போதே முழுப் பணமும் அனுப்புகிறேன் என்று ஒருவர் அவசரப்பட்டால் உஷார். ராணுவத்தில், துணைப்படையில் இருக்கிறேன், தங்கைக்காக இடம் என்பார். பணம் வர இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்பார். யூபிஐயில் பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். அப்படிப் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐக் கூப்பிடுங்கள். விளம்பரத்தில் எண் இருக்கும் ஆச்சிமார்களுக்கு இதைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்.

7. அறை நிறைந்த பிறகு

அன்றே விளம்பரத்தை எடுத்துவிடுங்கள், அல்லது "இப்போது இடம் இல்லை, அடுத்து டிசம்பரில் ஒரு கட்டில் காலியாகும்" என்று மாற்றுங்கள். கூகுள் மேப்பில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்பதைத் தொடாதீர்கள். அதை மறுபடி திறக்க வைப்பது அலைச்சல். கேட்டுவிட்டு இடம் கிடைக்காதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் 'காத்திருப்பு' என்று ஒரு லேபிள் போட்டு வைத்தால், இடையில் ஒருவர் காலி செய்யும்போது முதலில் அவர்களுக்கே ஒரு செய்தி அனுப்பிப் பார்க்கலாம்.